சம்பந்தியைப் பார்த்து நான் சொன்ன ‘போடா’

எனக்கு ஒரு வியாதி உண்டு. மைக்கைக் கண்டால் பயம் வராது. மற்றவர்களுக்குத் தொண்டை அடைக்கும், கால் நடுங்கும், நாக்கு உலரும். எனக்கோ மைக்கைப் பார்த்ததும் பசி எடுத்த மாதிரி இருக்கும். இந்த வியாதிக்கு வைத்தியம் உண்டா என்று தெரியாது. ஆனால் ஒருமுறை மிகக் கடுமையாக முற்றியது. அது காஞ்சிபுரத்தில், என் நண்பன் குணசேகரனின் கல்யாணத்தில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஆறு மெஷின்களோடு டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் வகுப்பு, மாலையில் கூட்டம். எந்தக் கூட்டம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. நூலகத் திறப்பு, இரங்கல் கூட்டம், தறி சங்கத்து ஆண்டு விழா, கோழி வளர்ப்புக் கருத்தரங்கு என்று எதுவானாலும் “இப்போது நாகராஜன் அவர்கள் வாழ்த்துரை வழங்குவார்” என்று ஒரு வரி நோட்டீசில் இருக்கும். (இரங்கல் கூட்டத்துக்கும் வாழ்த்துரை என்றே அச்சடித்தார்கள். நானும் அப்படித்தான் பேசினேன்.)

குணா தென்னேரிக்காரன். ஏரிப்பாசன நிலம் உள்ள குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, பெரியப்பா ஏகாம்பரம்தான் வளர்த்து, விவசாயக் கல்லூரியில் படிக்க வைத்தார். படிப்பு முடிந்து விவசாய இலாகாவில் சேர்ந்ததும், கோதுமை பற்றிப் பயிற்சி பெற்று வரச்சொல்லி அவனை மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். நெல்லைத் தவிர வேறொன்றும் பார்க்காத பிள்ளை, இரண்டு வருடம் அங்கே கோதுமையைப் பார்த்தான். கூடவே, பக்கத்துப் பண்ணைக்காரரின் மகள் லூசியாவையும் பார்த்தான். கோதுமை பற்றி அவன் எழுதிய அறிக்கை பத்துப் பக்கம். லூசியா பற்றி எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி.

பெரியப்பா ஒத்துக்கொள்வதற்கு ஒரு வருடம் பிடித்தது. லூசியாவின் அப்பா தோன் எர்னெஸ்தோ ஒத்துக்கொள்வதற்கும் ஒரு வருடம். (‘தோன்’ என்பது அங்கே பெரியவர்களின் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதைச் சொல். இங்கே நம் ஆட்கள் அவரை ‘எர்ணசாமி’ ஆக்கிவிட்டார்கள்.) கடைசியில் கல்யாணம் காஞ்சிபுரத்தில் ஒரு சத்திரத்தில் என்று முடிவாகி, பெண் வீட்டார் மூன்று பேர் லூசியாவோடு விமானம் ஏறி வந்து இறங்கினார்கள். தோன் எர்னெஸ்தோ, அவருடைய அக்கா அம்பாரோ, லூசியாவின் தம்பி மிகேல். தாய் இல்லாத பெண்ணை வளர்த்தவர் அந்த அத்தைதான்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு குணா என் மாடிக்கு ஏறி வந்தான். மாப்பிள்ளைக் களை எதுவும் முகத்தில் இல்லை.

“இன்னாடா, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு வர்ற?”

“மாமனார் ரெண்டு நாளா சரியா சாப்பிடலடா நாகு. நேத்து என்னைத் தனியா கூப்ட்டு ஒன்னு கேட்டாரு. ‘இந்த ஊர்ல நீ ஆபீஸ் போனப்புறம் என் பொண்ணுகிட்ட அவ பாஷைல ஒரு வார்த்தை பேச ஒரு ஆளாவது இருக்குதா?’ன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“இருக்குறான், என் சிநேகிதன் நாகராஜன்னு சொல்லிட்டேன்.”

எனக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குத் துளிக்கூடப் பயம் வரவில்லை. “மைக் உண்டா?” என்றுதான் கேட்டேன்.

குணா விளக்கினான். அவர்கள் ஊரில் கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் நண்பன் எழுந்து, கையில் கிளாசை வைத்துக்கொண்டு, சுருக்கமாக வாழ்த்திப் பேசுவான். அதற்குப் ‘பிரின்திஸ்’ என்று பெயர். பேச்சு முடிகிற வரைக்கும் எல்லோரும் கிளாசைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கடைசியில் அவன் கிளாசை உயர்த்தி, “மணமக்கள் வாழ்க” என்று சொல்லிச் “சலூத்” என்பான். ‘சலூத்’ என்றால் ஆரோக்கியம். அதைக் கேட்ட பிறகுதான் குடிக்க வேண்டும். தூக்கிய கிளாசைக் குடிக்காமல் கீழே வைப்பது ஆகாது. இன்னொன்று, வெறும் தண்ணீரில் வாழ்த்தினால் தரித்திரம்.

“தண்ணி ஆவாதுன்னா? இங்க மதுவிலக்குடா!”

“அதான் கலர் சொல்லிட்டேன். சோடாக்காரரு செவப்பு கலரு ரெண்டு பெட்டி கொடுத்து அனுப்புறாரு. பாக்க ஒயினு மாதிரியே இருக்கும்.”

பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அவன் கையெழுத்தில், ஸ்பானிய மொழியில், நாலே வரி. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னான். முதல் வரி: “அன்பு நண்பர்களே, இன்று லூசியா, குணாவின் திருமணம்.” இரண்டாவது: “இவ்வளவு தூரத்திலிருந்து வந்ததற்கு நன்றி.” மூன்றாவது: “அவர்கள் நூறாண்டு வாழட்டும்.” நான்காவது: “மணமக்கள் வாழ்க, சலூத்.”

“இவ்ளோதானா?” என்றேன். நாலு வரியில் நான் தொண்டையைக்கூடக் கனைத்து முடிக்க மாட்டேன்.

“இவ்ளோதான். பிரின்திஸ் சின்னதா இருந்தாத்தான் மரியாதை. எப்படி வாசிக்கிறதுன்னு கேட்டுக்கோ. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனா இங்கிலீஷ் மாதிரி வாசிக்கக் கூடாது. ‘எச்’ ஊமை. ‘ஜே’ வந்தா ‘ஹ’. ரெண்டு ‘எல்’ சேந்து வந்தா ‘ய’. ‘வி’யும் ‘பி’யும் ஒரே சத்தம், ‘பாம்பு’ல கடைசில வர்ற ‘பு’ மாதிரி. ‘டி’ நம்ம ‘ட’ இல்ல, ‘பாதை’ல வர்ற ‘த’. ஒத்தை ‘ஆர்’ நம்ம சின்ன ‘ர’. ரெண்டு ‘ஆர்’ சேந்து வந்தாலும், ‘என்’னுக்கு அப்புறம் வந்தாலும் நாக்கை உருட்டணும். கேக்குறியா?”

“கேக்குறேன், கேக்குறேன்,” என்றேன். அப்போது ஒரு மாணவி ‘ஏ எஸ் டி எஃப்’ என்று தட்டுவதை நிறுத்திவிட்டுக் காகிதம் சிக்கிக்கொண்டது என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பி உருளையைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது குணா இன்னும் ஏதோ ஒரு எழுத்தைப் பற்றிச் சொன்னான். “தலைமேல கோடு” என்று மட்டும் காதில் விழுந்தது. நான் தலையாட்டினேன். தன்னம்பிக்கை உள்ளவன் தலையாட்டத் தயங்குவதில்லை.

அவன் போனதும் வேலையை ஆரம்பித்தேன். கையெழுத்துத் தாளை மேடையில் வைத்து வாசிப்பது என் தகுதிக்குக் குறைவு. ஆகவே நல்ல வெள்ளைத் தாளில், நடுவில் தலைப்புக் கொடுத்து, இரட்டை இடைவெளி விட்டு, பிழையில்லாமல் டைப் அடித்தேன். மூன்றாவது வரியில் ‘ஆண்டுகள்’ என்ற சொல்லில் வருகிற ‘என்’ எழுத்தின் தலையில் புழு நெளிந்த மாதிரி ஒரு சின்னக் கோடு இருந்தது. என் மெஷினில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. பேனா மசி சிந்தியிருக்கிறது, கல்யாண அவசரத்தில் குணா கவனிக்கவில்லை என்று முடிவுகட்டினேன். கோட்டை நீக்கிச் சுத்தமான ‘என்’ அடித்தேன். ஒரு நண்பனின் கவனக்குறைவைத் திருத்திய திருப்தி இருந்தது.

ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொண்டேன். ‘இன்று’ என்பதற்கு அவர்கள் சொல் ‘ஹோய்’ மாதிரி எழுதப்பட்டிருந்தது. ‘எச்’ ஊமை என்பது நினைவிருந்ததால் ‘ஓய்’ என்று சரியாக எழுதினேன். ‘திருமணம்’ என்பதற்கு உள்ள சொல் பி, ஓ, டி, ஏ. பாம்பும் பாதையும் அதற்குள் மறந்துபோயிருந்தன. தமிழில் ‘போடா’ என்று எழுதிக்கொண்டேன்.

எழுதியதைத் திரும்ப வாசித்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கே இன்றைக்கு நம்ப முடியவில்லை.

அதோடு விட்டிருந்தால் சேதம் குறைந்திருக்கும். ஆனால் நாலு வரியில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட இல்லையே என்று எனக்குக் குறையாக இருந்தது. நண்பன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? குணா விட்டுப்போன பாக்கெட் அகராதியைப் புரட்டினேன். “என் நண்பன் ஏழை, ஆனால் நேர்மையானவன்.” கூட்டங்களில் என் உயிரே அந்த ‘ஆனால்’தான். ‘ஆனால்’ என்று இழுத்து, மேசையில் ஒரு தட்டுத் தட்டி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன். அகராதியில் ஏழைக்கு ‘போப்ரே’, ஆனாலுக்கு ‘பெரோ’, நேர்மையானவனுக்கு ‘ஓன்றாதோ’. மி அமீகோ எஸ் போப்ரே, பெரோ ஓன்றாதோ. என்ன சந்தம்! (குணா ஒன்றும் ஏழை இல்லை. ஏரிக்கரையில் ஆறு ஏக்கர் இருந்தது. ஆனால் பணக்காரன், நேர்மையானவன் என்று சொன்னால் ‘ஆனால்’ எங்கே போடுவது?)

மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். ‘ஆர்’ வந்தால் உருட்டு என்பது மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கெல்லாம் உருட்ட வேண்டும், எங்கெல்லாம் கூடாது என்ற பாகுபாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குளிக்கும்போது உருட்டினேன். சைக்கிளில் போகும்போது உருட்டினேன். மெஷின் பழுது பார்ப்பவர் ஒருநாள் என்னைப் பார்த்து, “சார், ஜலதோஷமா?” என்று கேட்டார்.

முகூர்த்தம் காலையில் நல்லபடியாக முடிந்தது. அரக்குப் பட்டில் லூசியா அழகாக இருந்தாள். அத்தை அம்பாரோவுக்கும் யாரோ மயில்கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை கட்டிவிட்டு, அவிழாமல் இருக்க ஒரு டஜன் ஊசி குத்தியிருந்தார்கள். அவர் மூச்சு விடுவதற்கே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் தோன் எர்னெஸ்தோ. பருத்த மீசை, கழுத்தில் சம்பந்தி மாலை, மடியில் தொப்பி. பேசினால் யாருக்கும் புரியாது, மற்றவர்கள் பேசினால் அவருக்குப் புரியாது. மேடையில் மகள் குனிந்த தலையோடு இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியின் ஓரத்தை விரலால் தடவிக்கொள்வார். பக்கத்து நாற்காலியில் பெரியப்பா ஏகாம்பரம், தோளில் புதுத்துண்டோடு. இரண்டு பேரும் காலையிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பதினொரு மணிக்கு, பந்திக்கு முன்னால், டீக்கடையில் வாங்கி வந்த கண்ணாடி கிளாஸ்களில் சிவப்புக் கலர் ஊற்றிக் கொடுத்தார்கள். மெக்சிகோக்காரர்கள் மூன்று பேரும் வழக்கப்படி கிளாசோடு எழுந்து நின்றார்கள். நம் ஆட்கள் வழக்கப்படி அண்ணாந்து வாயில் ஊற்றி அப்போதே காலி செய்துவிட்டார்கள்.

நான் மைக்கின் முன்னால் போய் நின்றேன். ஒரு தட்டுத் தட்டினேன். ‘டொக்’. தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கி வரை கேட்டது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த குணா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டான். முதலில் தமிழில் இரண்டு நிமிடம் பேசி, இப்போது பெண் வீட்டாரின் தாய்மொழியில் வாழ்த்தப்போகிறேன் என்று அறிவித்தேன். கைதட்டல். நேராகத் தோன் எர்னெஸ்தோவைப் பார்த்தேன். வலது கையில் கிளாஸ். இடது கையை அவரை நோக்கி நீட்டினேன். மேடைப்பேச்சில் அது என் பழக்கம்.

“கெரிதோஸ் அமீகோஸ்!” என்று ஆரம்பித்தேன். அன்பு நண்பர்களே.

தோன் எர்னெஸ்தோவின் முகம் அப்படியே நிமிர்ந்தது. ஒரு வாரமாகக் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்த மனிதருக்குத் திடீரென்று காது திறந்தது போல இருந்தது. அத்தை ஊசிகளை மறந்து மார்பில் கை வைத்தார். எனக்கு உற்சாகம் ஒரு முழம் ஏறிவிட்டது. அடுத்த வரியை வெடித்தேன்.

“ஓய்! எஸ் லா... போடா!”

சத்திரம் அமைதியானது. பாத்திரம் கழுவுமிடத்தில் ஓசைகூட நின்றது. பேச்சில் கட்டுண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“இன்னாபா சொல்றான் இவன்?” என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. “சம்மந்திய கைய நீட்டி ஓய்ன்றான், போடான்றான்!”

“பாஷைங்க, அது அவங்க பாஷை,” என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

“கைய நீட்டிச் சொன்னான்யா! நானு பாத்துக்கினுதானே இருக்கேன்!”

நான் இரண்டாவது வரிக்குப் போய்விட்டேன். அது நன்றி சொல்லும் வரி. அதில் தவறு எதுவும் வரவில்லை என்று குணா பிறகு சான்று கொடுத்தான். தோன் எர்னெஸ்தோ தலையாட்டினார். என் சொந்தச் சரக்குக்கு நேரம் வந்துவிட்டது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். குணாவின் பக்கம் கையை நீட்டினேன்.

“மி அமீகோ எஸ் போப்ரே...”

குணாவின் முகம் மாறியது. இந்த வரி தாளில் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றான். பாராட்டை மறுக்கும் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு என் ‘ஆனால்’. மூன்று நாள் சைக்கிளில் பழகிய உருட்டு முழுவதையும் அதில் இறக்கினேன்.

“பெர்ர்ர்ர்ரோ! ஓன்றாதோ!”

ஒற்றை ‘ர’ போட்டால் ‘ஆனால்’. நாக்கை உருட்டினால் ‘நாய்’. இது அந்த மொழியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். காஞ்சிபுரத்தில் ஒருவனுக்குத் தெரியவில்லை. அதுவரை “என் நண்பன் ஏழை, ஆனால் நேர்மையானவன்” என்று இருந்தது, “என் நண்பன் பாவப்பட்ட நேர்மையான நாய்” ஆகிவிட்டது.

மிகேல் கிளாசால் வாயை மூடிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. தோன் எர்னெஸ்தோவின் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. கோபமா வேறெதுவுமா என்று சொல்ல முடியாத துடிப்பு. நான் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று கணக்கில் எழுதிக்கொண்டு, மூன்றாவது வரிக்குப் பாய்ந்தேன். நூறாண்டு வாழட்டும்!

“கே பீபன் சியென்... ஆனோஸ்!”

அந்தத் தலைமேல் கோடு இருந்தால் ‘ன’ அல்ல, ‘ஞ’. ‘ஆஞோஸ்’ என்றால் ஆண்டுகள். கோடு இல்லாமல் ‘ஆனோஸ்’ என்றால்... எப்படிச் சொல்வது? மனிதனுக்கு ஒன்றே ஒன்று இருப்பது. உட்காரும்போது கண்ணுக்குத் தெரியாமல் போவது. டாக்டரிடம்கூட நாம் சுற்றிவளைத்துச் சொல்வது. அதில் நூறு, மணமக்களுக்கு வாய்க்கட்டும் என்று, தெருமுனை வரை கேட்கும்படி, ஒலிபெருக்கியில் வாழ்த்தினேன்.

அத்தை அம்பாரோ ஒரு கையால் நெற்றியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். மறுகையில் கிளாஸ் அப்படியே இருந்தது. அவர் வாயிலிருந்து பிரஷர் குக்கர் போல ஒரு சத்தம் வந்தது. மேடையில் லூசியா பட்டுத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குணா மாலைக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

“பொண்ணு அழுவுதுபா!” என்று பெரியப்பா எழுந்துவிட்டார். இரண்டே எட்டில் மேடையில் ஏறி, என் கழுத்துத் துண்டைப் பிடித்தார். “போதும் எறங்கு! வந்தவங்கள வெறும் வாயால வெரட்டி வுட்டுருவ போலக்குது!”

“இன்னும் ஒரு வரி இருக்குது பெரியப்பா!”

“ஒரு எழுத்து பேசக் கூடாது!”

அவர் இழுக்க, நான் மைக்கைப் பிடித்துக்கொள்ள, மைக் கம்பியும் எங்களோடு வந்தது. அப்போதுதான் கீழே பார்த்தேன். மெக்சிகோக்காரர்கள் மூன்று பேரும் கிளாசைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். நான் ‘சலூத்’ சொல்லாமல் அவர்களால் குடிக்கவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. மிகேல் சிரித்த சிரிப்பில் கிளாசிலிருந்த கலர் அவன் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. அவர்கள் காத்திருந்தது என்னுடைய ஒரே ஒரு சொல்லுக்காக.

குணா எழுந்து வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்தான். “பெரியப்பா, வுடுங்க. ‘போடா’ இல்ல, ‘போதா’. போதான்னா கல்யாணம்.”

“கல்யாணத்துக்கா போடான்னு பேரு வச்சிருக்காங்க?” பெரியப்பா பிடியைத் தளர்த்தினார். “சரியாத்தான்டா வச்சிருக்காங்க. அப்புறம் ஓய்?”

“ஓய்ன்னா இன்னைக்கு.”

“அப்ப அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அழுவுது?”

“அழுவல பெரியப்பா,” என்றான் குணா. தலைப்பை விலக்கிய லூசியா முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, சிரிப்பில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள்.

அந்த இடைவெளியில் மைக்கில் வாயை வைத்து, கடைசி வரியை ஒரே மூச்சில் கத்தினேன். “கே பீபன் லோஸ் நோபியோஸ்! சலூத்!”

இதில் ‘நோபியோஸ்’ மணமக்கள், மற்றது வாழ்க. “கே பீபன்!” என்று மூன்று பேரும் இடி மாதிரி பதில் கொடுத்தார்கள். தலைவர் ‘வாழ்க’ என்றால் கூட்டமும் ‘வாழ்க’ என்று திருப்பிச் சொல்வது நம் ஊருக்குத் தாய்ப்பாலோடு வந்தது அல்லவா? முந்நூறு பேரும், என்ன ஏது என்று தெரியாமலே, “கே பீபன்!” என்றார்கள். ‘சலூத்’தைக் கேட்டு, ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் எழுந்து சல்யூட் அடித்தார். மூன்று கிளாசும் ஒரே நேரத்தில் காலியாயின.

பிறகு தோன் எர்னெஸ்தோ நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். என் முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நீட்டி, “சியென்?” என்று கேட்டார். நூறா?

“சியென்!” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் ஏதோ சொன்னார். குணா அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். அத்தை மட்டும் நாற்காலியில் சாய்ந்து, ஊசிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கச் சிரித்தார்.

பந்தியில் அவியலுக்கும் அப்பளத்துக்கும் நடுவில் குணா என் காதில் எல்லாவற்றையும் சொன்னான். போடா, நாய், நூறு. தாளை வாங்கிப் பார்த்தவன், “கோடு எங்கடா?” என்றான்.

“மசின்னு நெனச்சேன்.”

“மாமனார் இன்னா சொன்னாரு தெரியுமா? ‘எனக்கு அறுபது வருசமா ஒன்னே போதுமானதா இருந்துது, இவங்க நூறை வச்சிக்கினு இன்னா பண்ணப் போறாங்க?’ன்னாரு.”

என் வாழ்க்கையில் முதல்முறையாக அப்பளத்தை இலையிலேயே விட்டேன். பாயசம் வருவதற்குள் எழுந்து, கை கழுவி, சத்திரத்து மாடியில் ஜமக்காளம் அடுக்கியிருந்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஊரை விட்டுப் போய்விடலாமா, வகுப்பை யாருக்கு விற்கலாம், ஆறு மெஷினும் என்ன விலை போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே சிரிக்கிற ஒவ்வொரு சத்தமும் என்னைப் பற்றியது என்று தோன்றியது. (பெரும்பாலும் சரிதான்.)

அரை மணி கழித்துப் படியில் கனத்த காலடி. தோன் எர்னெஸ்தோவும் லூசியாவும் வந்தார்கள். அவர் ஜமக்காளக் குவியலின் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். லூசியா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து அவர் பார்க்கவில்லையாம். இன்றைக்குத்தான் பார்த்தாராம். வீட்டில் அவள் எப்படிச் சிரிப்பாளோ அதே சிரிப்பு. தவறாகப் பேசியதைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை. பேசுவதற்கு ஒருவன் எழுந்து நின்றானே, அது போதும். இனி நிம்மதியாகத் திரும்பிப் போவேன் என்றார்.

எனக்கு மைக் இல்லாத இடத்தில் பேசத் தெரியாது. “கிராசியாஸ்” என்று மட்டும் சொன்னேன். அதில் உருட்டவில்லை.

எழுந்து போகும்போது அவர் ஒரு உதவி கேட்டார். புறப்படும் நாளில் மாப்பிள்ளை வீட்டாரைத் தமிழில் வாழ்த்த வேண்டும். எழுதிக் கொடுக்க முடியுமா? எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் மெஷினில் தாளைச் செருகி, ‘பல்லாண்டு வாழ்க’ என்று ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்துகளாக, பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். இரண்டு ‘எல்’ போட்டேன். ‘ழ’வுக்கு நம் வழக்கப்படி ‘இசட்’, ‘எச்’ போட்டேன்.

மூன்றாம் நாள், கார் வாசலில் நிற்க, சத்திரத்து முற்றத்தில் மொத்தக் குடும்பமும் கூடியது. தோன் எர்னெஸ்தோ தொப்பியைக் கழற்றினார். தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அவர் மொழியின் சட்டப்படி இரண்டு ‘எல்’லை ‘ய’ ஆக்கினார். ‘வி’யை ‘ப’ ஆக்கினார். ‘இசட்’டை ‘ஸ’ ஆக்கினார். ‘எச்’சை ஊமையாக்கினார். குணாவைப் பார்த்துக் கையை நீட்டி, முழங்கினார்:

“பயாண்டு பாஸ்கா!”

ஒருவருக்கும் புரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பாதான் முதலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அதற்கு உரை சொன்னார்.

“பயந்துக்கினு வாழுன்றாருடா. கல்யாணம் பண்ணவனுக்கு வேற இன்னா சொல்லணும்? நாப்பது வருசமா நானு அப்படித்தானே வாழ்றேன். எர்ணசாமி வெவரமான ஆளுபா!”

அவர் போய் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். அன்றுதான் இருவரும் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பாஷையில், கார் புறப்படும் வரை.

லூசியா இன்று என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறாள். ‘ழ’வும் சுத்தமாக வருகிறது. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் அட்சதை போடும்போது யாரும் பல்லாண்டு வாழ்க என்று சொல்வதில்லை. குணாவின் பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் ஒரே குரலில் “பயாண்டு பாஸ்கா” என்கிறார்கள். என் கல்யாணத்திலும் அதையே சொன்னார்கள். என் மனைவி அதற்கு அர்த்தம் கேட்டாள். பெரியப்பா சொன்ன உரையைச் சொன்னேன். அவள் ஒரு நொடி யோசித்துவிட்டு, “யார் யாருக்குப் பயந்து?” என்று கேட்டாள். அது எனக்குத் தெளிய அதிக நாள் ஆகவில்லை.